ரூ.70 லட்சம் ஃபிளாட்: பத்திரச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்கில் சேரும்?

கேள்வி: சென்னையில் 12 வருடப் பழைய ஃபிளாட் ஒன்றை 70 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம். பத்திரச் செலவு 7 சதவீதம் என்கிறார் நண்பர், 9 என்கிறார் புரோக்கர். விற்பவரோ, "50 லட்சத்துக்குப் பத்திரம் போடுங்கள், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், உங்களுக்கும் செலவு குறையும்" என்கிறார். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புப்படி 58 லட்சம் வருகிறது. நான் 30 சதவீத வருமான வரி வரம்பில் இருக்கிறேன். பத்திரச் செலவுக்கும் சேர்த்து வங்கியில் கடன் கிடைக்குமா? பின்னாளில் விற்கும்போது இந்தச் செலவைக் கணக்கில் காட்ட முடியுமா?

பதில்: புரோக்கர் சொன்னதுதான் உங்களுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் சாதாரணக் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. நண்பர் சொல்லும் 7 சதவீதம், பில்டரிடமிருந்து புது ஃபிளாட்டை முதல் கிரயமாக வாங்குகிறவர்களுக்கு உரியது. 2023 டிசம்பர் முதல் அவர்களுக்கு 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. உங்களுடையது மறுவிற்பனை என்பதால் அந்தச் சலுகை இல்லை. 70 லட்சத்துக்கு 4.90 லட்சம் முத்திரைத்தீர்வை, 1.40 லட்சம் பதிவுக் கட்டணம், கூட்டினால் 6.30 லட்சம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இதைக் கட்டுவது வாங்குகிறவரின் பொறுப்பு.

இந்த 9 சதவீதம் எதன் மீது என்பதைத் தெரிந்துகொண்டால் விற்பவரின் யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். பத்திரத்தில் எழுதிய விலை, அரசு மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மீதுதான் தீர்வை. பழைய ஃபிளாட்டில் உங்களுக்கு வரும் பிரிபடாத நிலப் பங்கை வழிகாட்டி மதிப்பால் பெருக்கி, கட்டடத்தின் மதிப்பை அதன் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்துக் கூட்டுவார்கள். உங்கள் விஷயத்தில் அது 58 லட்சம். ஆகவே 50 லட்சம் என்று எழுதினாலும் 58 லட்சத்துக்கு உரிய 5.22 லட்சத்தைத்தான் கட்ட வேண்டியிருக்கும். அதற்குக் குறைவாகக் கட்டினால் சார்பதிவாளர் இந்திய முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவின்கீழ் மதிப்பை முடிவுசெய்ய அனுப்பிவிடுவார். பற்றாக்குறைத் தீர்வை கட்டும்வரை பத்திரம் உங்கள் கைக்கு வராது. வங்கிக் கடனில் வாங்குகிறவருக்கு இது பெரிய சிக்கல், ஏனென்றால் வங்கி அசல் பத்திரத்தைக் கேட்கும்.

ஆக, விற்பவர் சொல்கிறபடி செய்தால் மிச்சமாவது 6.30-க்கும் 5.22-க்கும் உள்ள வித்தியாசமான 1.08 லட்சம் மட்டுமே. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

முதலில் வருமான வரி. அரசு மதிப்பைவிடக் குறைந்த விலைக்குச் சொத்து வாங்கியதாகப் பத்திரம் சொன்னால், அந்த வித்தியாசம் 50,000 ரூபாயையும் பத்திர விலையில் 10 சதவீதத்தையும் தாண்டும்போது, முழு வித்தியாசமும் வாங்கியவரின் 'இதர வருமானம்' ஆகிவிடும். 50 லட்சத்தில் 10 சதவீதம் 5 லட்சம். உங்கள் வித்தியாசம் 8 லட்சம். அந்த 8 லட்சத்துக்கும் 30 சதவீத வரி என்றால் செஸ் நீங்கலாகவே 2.40 லட்சம். கையிலிருந்து உண்மையில் 70 லட்சம் கொடுத்துவிட்டு, மலிவாக வாங்கியதற்காக வரி கட்டுகிற நிலை இது.

அடுத்தது கடன். வங்கி பத்திரத்தில் உள்ள விலையைத்தான் பார்க்கும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். 70 லட்சத்துக்கு 56 லட்சம் வரை கேட்கலாம். 50 லட்சத்துக்கு 40 லட்சம்தான். இன்னும் 16 லட்சத்தை நீங்களே புரட்ட வேண்டும். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த வீட்டு மதிப்பில் சேராது (10 லட்சத்துக்கு மிகாத வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு). எனவே நேர்மையாக வாங்கினாலும் 14 லட்சம் முன்பணத்தோடு 6.30 லட்சம் பத்திரச் செலவு, ஆக 20.30 லட்சம் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். பலர் கடைசி வாரத்தில் தடுமாறி, அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்குவது இந்த 6 லட்சத்தை முன்கூட்டியே ஒதுக்காததால்தான்.

மூன்றாவது, நீங்கள் கேட்ட விற்பனைக் கணக்கு. முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதிய கூலி, நீங்கள் கொடுத்த புரோக்கர் கமிஷன் எல்லாம் சொத்தின் அடக்க விலையில் சேரும். 8 வருடம் கழித்து 1 கோடிக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேர்மையான பத்திரத்தில் அடக்கம் 76.30 லட்சம், லாபம் 23.70 லட்சம். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதத்தில் சுமார் 2.96 லட்சம். குறைத்து எழுதிய பத்திரத்தில், வரி கட்டிய காரணத்தால் 58 லட்சத்தை அடக்கமாக ஏற்பார்கள்; 5.22 லட்சத்தைச் சேர்த்தால் 63.22 லட்சம். லாபம் 36.78 லட்சம், வரி சுமார் 4.60 லட்சம். இன்று 1.08 லட்சம் மிச்சம், இன்று 2.40 லட்சம் வரி, பிறகு மேலும் 1.64 லட்சம் வரி. இனி வாங்கும் சொத்துக்கு, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் காட்டும் சரிக்கட்டல் முறையைத் தேர்ந்தெடுக்கும் வழியும் இல்லாததால், அடக்க விலையில் விட்ட ஒவ்வொரு ரூபாயும் முழுசாக லாபமாக மாறும்.

ரொக்கம் பற்றிச் சுருக்கமாக: சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதற்குத் தடை உண்டு, ரொக்கம் பெற்ற விற்பவருக்கு அதே தொகை அபராதமாகலாம். கணக்கில் வராத 20 லட்சத்துக்கு ஆதாரம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். இந்தப் பேரத்தை மறுத்துவிடுங்கள். 70 லட்சம் முழுவதும் வங்கி வழியே, பத்திரத்திலும் 70 லட்சம். அதில் 1 சதவீதமான 70,000 ரூபாயை டி.டி.எஸ். பிடித்துக் கட்ட மறக்காதீர்கள். அது விற்பவர் பணத்திலிருந்து போவது, உங்களுக்குக் கூடுதல் செலவல்ல.

பழைய வரி முறையில் இருந்தால், கட்டிய ஆண்டிலேயே 80சி கழிவில் முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் காட்டலாம். ஆனால் பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 1.50 லட்சம்தான், ஆகவே 6.30 லட்சத்தில் பெரும்பகுதி இதில் அடங்காது. பி.எஃப். பிடித்தமே வரம்பை நிரப்பிவிட்டால் பலன் எதுவும் இல்லை. மனைவியும் கூட்டு உரிமையாளராக இருந்து தன் பங்குச் செலவைத் தன் கணக்கிலிருந்து கட்டினால் அவருக்கும் தனி வரம்பு உண்டு. வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் விற்றால், முன்பு எடுத்த கழிவு விற்ற ஆண்டின் வருமானத்தில் திரும்பச் சேரும். புதிய வரி முறையில் இந்தக் கழிவே கிடையாது. ஆனாலும் அடக்க விலையில் சேர்க்கும் உரிமை அப்படியே இருக்கும்.

கடனுக்காக வங்கியில் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணத்துக்கும் தனியாக முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் கட்டுவீர்கள். அது கடன் வாங்கும் செலவு. வீடு வாங்கிய செலவோடு கலந்து எழுதினால் பின்னாளில் கேள்வி வரும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கட்டிய ரசீதுகள், பத்திர எழுத்தர் பில், கமிஷன் பில், வங்கி அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். 47ஏ வழியாகக் கூடுதல் தீர்வை கட்ட நேர்ந்தால் அந்த ரசீதும் அதே கோப்பில் இருக்கட்டும், அதுவும் அடக்க விலைதான்.