பாட்டி முகத்தை மாத்தினதும் வேற யாரோ மாதிரி தெரியுது

அண்ணா, குரூப் போட்டோல பாட்டி கண்ணை மூடிட்டாங்க, அதனால அன்னைக்கே போன்ல கிட்ட நின்னு எடுத்த இன்னொரு படத்துல இருந்து முகத்தை எடுத்து வச்சேன். தாடை ஒடுங்கி, கண்ணு ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்கு. ஃபோட்டோஷாப் லிக்விஃபைல Eye Distance -40 வரைக்கும் இழுத்துட்டேன், இப்ப பாட்டியாவே இல்ல. என்ன பண்றது?

தம்பி, முதல்ல அந்த -40ஐ சைபராக்கு, கோளாறு கண்ணுல இல்ல. நாலடி தள்ளி நின்னு எடுத்தா கண்ணு கேமராவுக்குக் கிட்ட, தாடையோட ஓரம் மூணு இன்ச்சாவது பின்னாடி, அதனால ஓரம் சுருங்கித் தெரியும். குரூப் போட்டோ பதிமூணு பதினாலு அடில எடுத்திருப்பாங்க, அங்க இந்த வித்தியாசம் ரொம்பக் கம்மி. நீ தாடையை வச்சு சைஸ் பொருத்தியிருக்க, அதான் கண்ணு விலகிடுச்சு.

அதனால கண்ணை வச்சு பொருத்து. பழைய படத்துல கண்ணு மூடியிருந்தாலும் வெளி ஓரம் தெரியுமே, ரூலர் டூலால ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு அள. 182 பிக்சல்னு வந்தா புது முகத்தையும் Ctrl+T போட்டு அதே 182க்கு கொண்டு வா. அப்புறம் வாய் இருக்கிற உயரத்துல தாடை அகலம் பாரு, பழசுல 260, புதுசுல 248னு வந்தா அந்த 12 பிக்சல்தான் உன் வேலை.

முக லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிட்டு லிக்விஃபை போ, Show Backdrop டிக் பண்ணு, இல்லேன்னா கீழ இருக்கிற கழுத்து தெரியாம குருட்டாம்போக்கில இழுப்ப. Face Shape கீழ Jawline-ஐ கொஞ்சம் கொஞ்சமா ஏத்து, ஓகே கொடுத்துட்டு ரூலர்ல திரும்ப அள, பத்தலேன்னா லேயர் கீழ இருக்கிற Liquify பேரை டபுள் கிளிக் பண்ணி உள்ள போ. Face Width தொடாத, அது கன்னத்தையும் சேர்த்து இழுக்கும்.

இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் மேல போட்ட மாஸ்கை தாடை ஓரத்தோட ஒட்டி வெட்டியிருந்தா நீ எவ்வளவு அகலமாக்கினாலும் மாஸ்க் வெட்டிடும், ஸ்லைடர் வேலை செய்யலைன்னு நினைச்சு இன்னும் ஏத்துவ. மாஸ்கோட ஓரத்தை கழுத்து நிழலுக்குள்ள இறக்கி, தாடை ஓரத்துல வெள்ளை பிரஷ் போட்டு திற.

Eye Distance கடைசில, அதுவும் 5க்குள்ள. அதுக்கு மேல போனா மூக்குத்தண்டு தோல் இழுபடும், பாட்டி கண்ணாடி போட்டிருந்தா ஃபிரேமோட நடுப்பாலம் வளையும், அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம். போன் படத்துல தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தா லிக்விஃபை அதை சரி பண்ணாது, ஒரு கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல இடம் கம்மியாவே இருக்கும், நேரா பாக்குற இன்னொரு ஷாட்டைத் தேடு.