பின்னத்தில் வரும் விடையை ஒரு வெட்டு எப்படி முழு எண்ணாக்குகிறது?

கேள்வி: "முழு எண் திட்டமிடலில் கட்டிங் பிளேன் என்கிறார்கள். இல்லாத ஒரு கட்டுப்பாட்டை நாமே சேர்த்தால் சரியான விடையும் சேர்ந்து வெட்டுப்படாதா? சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்ட முடியுமா?"

ஒரு தச்சுப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். பெஞ்சு ஒன்றுக்கு 3 பலகையும் 1 நாள் வேலையும் வேண்டும். இழுப்பறை வைத்த சிறு மேசைக்கு 2 பலகை போதும், ஆனால் 2 நாள் பிடிக்கும். கையில் இருப்பது 12 பலகை, 7 நாள். லாபம் பெஞ்சுக்கு 500 ரூபாய், மேசைக்கு 400. பெஞ்சு x, மேசை y என்று வைத்து, லாபத்தை நூறு ரூபாய்க் கணக்கில் எழுதினால்:

```
max 5x + 4y
3x + 2y <= 12
 x + 2y <= 7
x, y >= 0, முழு எண்
```

முழு எண் என்ற நிபந்தனையை விட்டுவிட்டுத் தீர்த்தால் x = 2.5, y = 2.25, லாபம் 21.5. பலகையும் நாளும் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடுகின்றன. இதை அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றும். (3, 2) என்றால் 13 பலகை வேண்டும், நம்மிடம் இல்லை. இரண்டையும் கீழே இறக்கி (2, 2) என்றால் லாபம் 18. ஆனால் மேசையே செய்யாமல் 4 பெஞ்சு மட்டும் செய்தால் 20 கிடைக்கிறது! சரியான விடை பின்ன விடைக்குப் பக்கத்திலேயே இல்லை. அதனால்தான் வெட்டு, அதாவது பின்ன விடையை மட்டும் ஒதுக்கித்தள்ளும் கூடுதல் கட்டுப்பாடு, தேவைப்படுகிறது.

இப்போது இரண்டு கட்டுப்பாடுகளையும் கூட்டுங்கள்: 4x + 4y <= 19. நான்கால் வகுத்தால் x + y <= 4.75. இதுவரை புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இருந்ததைத்தான் வேறு வடிவில் எழுதியிருக்கிறோம். அடுத்த படிதான் உயிர்நாடி. x, y முழு எண்கள் என்றால் x + y-யும் முழு எண்தான். 4.75-ஐத் தாண்டாத முழு எண் 4-ஐயும் தாண்டாது. ஆகவே:

```
x + y <= 4
```

உங்கள் சந்தேகத்துக்கு விடை இந்த ஒரு படியிலேயே இருக்கிறது. விதிகளுக்கு உட்பட்ட எந்த முழு எண் விடையும் இந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கவே முடியாது. (4, 0), (3, 1), (2, 2), (1, 3) நான்கும் சரியாகக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. பழைய பின்ன விடையில் x + y = 4.75, ஆகவே அது வெளியே போகிறது. புதிய கட்டுப்பாட்டோடு மறுபடி தீர்த்தால் நேராக (4, 0), லாபம் 20. ஒரே வெட்டில் முடிந்தது.

எவற்றைக் கூட்டுவது, எதால் வகுப்பது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? 1958-ல் ரால்ஃப் கோமரி சொன்ன வழி, பின்ன விடையைக் கண்டுபிடிக்கும் சிம்ப்ளெக்ஸ் முறையின் கடைசி அட்டவணையிலிருந்தே வெட்டை எடுப்பது. மிஞ்சும் பலகையை s என்றும் மிஞ்சும் நாளை t என்றும் வைத்தால், x-க்கான வரிசை இது:

```
x + s/2 - t/2 = 5/2
```

s, t இரண்டும் எதிர்மறையாக முடியாது. ஆகவே அவற்றின் கெழுக்களைக் கீழ் முழு எண்ணுக்கு இறக்கினால் (1/2 என்பது 0, -1/2 என்பது -1) இடப்பக்கம் கூடாது: x - t <= 5/2. இடப்பக்கம் இப்போது முழு எண் என்பதால் x - t <= 2. t-க்குப் பதில் 7 - x - 2y என்று போட்டால் 2x + 2y <= 9. இது சரியான வெட்டுதான், ஆனால் கொஞ்சம் மொண்ணை. இதை அப்படியே சேர்த்துத் தீர்த்தால் (3, 1.5) என்ற இன்னொரு பின்ன விடை வரும், லாபம் 21. இரண்டால் வகுத்துக் கீழே இறக்கினால் மறுபடி x + y <= 4 கிடைத்துவிடும். பெரிய கணக்குகளில் இப்படிக் கூர்தீட்டும் வாய்ப்பு எப்போதும் கண்ணில் படாது. ஒவ்வொரு வெட்டும் இம்மி இம்மியாகத்தான் நகர்த்தும். அதனால் இன்றைய மென்பொருள்கள் வெட்டுகளை மட்டும் நம்பாமல், கொஞ்சம் வெட்டிவிட்டு, மிச்சத்தை x <= 2 ஒரு பக்கம், x >= 3 இன்னொரு பக்கம் என்று கிளை பிரித்துத் தேடுகின்றன.

நீங்களே நிரல் எழுதிப் பார்ப்பதாக இருந்தால் ஒன்றில் கவனம் வேண்டும். நான் முதலில் எழுதியபோது சரியான விடையே காணாமல் போனது. காரணம், 3 என்று வரவேண்டிய வலப்பக்கம் தசமப் பிழையால் 2.9999999 என்று வந்திருந்தது. அதைக் கீழே இறக்கியதும் 2 ஆகிவிட்டது. இப்போதெல்லாம் முழு எண்ணுக்கு மிக அருகில் இருக்கும் வரிசையிலிருந்து வெட்டு எடுப்பதில்லை. கூடவே, விதிகளுக்கு உட்பட்டது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு முழு எண் விடையை, இங்கே (3, 1) மாதிரி, கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புதிய வெட்டிலும் போட்டுப் பார்க்கிறேன். அதை ஒரு வெட்டு வெளியே தள்ளினால், அந்த வெட்டுதான் தப்பு.