ஒரே அம்பு, பல அர்த்தம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் பள்ளியின் டிங்கி சுவரொட்டியில் மழை → தேங்கிய நீர் → முட்டை → கொசுப்புழு → கூட்டுப்புழு → ஏடிஸ் கொசு → நோயாளி → மருத்துவமனை என ஒரே வரிசையாக அம்புகள். புகையடிப்பவர் படத்திலிருந்து கொசுவுக்கும் ஓர் அம்பு. சக ஆசிரியர் இது தவறு என்கிறார். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. (ஆசிரியை, பட்டர்வொர்த்)

தனித்தனியே பார்த்தால் எந்த அம்பும் தவறில்லை, டீச்சர். வரிசையாகப் படித்தால்தான் சிக்கல்.

ஒவ்வோர் அம்பையும் வினைச்சொல் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மழையால் நீர் தேங்குகிறது: இது காரணம். முட்டை கொசுப்புழுவாகிறது: இது மாற்றம். கொசுவிடமிருந்து நோயாளிக்கு வைரஸ் போகிறது. நோயாளியிடமிருந்து மருத்துவமனைக்குப் போவது வைரஸ் அல்ல, ஆளே போகிறார். புகையோ கொசுவைக் கொல்கிறது. அம்பின் வடிவம் மட்டும் மாறவே இல்லை.

அர்த்தங்கள் கலந்திருப்பதாலேயே ஒரு படம் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லமாட்டேன். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை விரலை ஓட்டும் மாணவன் உண்மையில்லாத ஒன்றை நம்பினால்தான் அப்படிச் சொல்வேன். உங்கள் படத்தில் அவன் இரண்டைத் தவறாக நம்புவான்: நோய் தண்ணீரிலிருந்து வருகிறது, நோயாளியோடு கதை முடிகிறது.

நடப்பது வேறு. கொசு பெரும்பாலும் ஏற்கெனவே வைரஸ் தொற்றியவரின் இரத்தத்திலிருந்துதான் வைரஸைப் பெறுகிறது. ஏறக்குறைய 8 முதல் 12 நாள் கழித்து அதே கொசு அடுத்தவரைக் கடித்துப் பரப்புகிறது. அதனால்தான் காய்ச்சலில் கிடப்பவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொல்கிறோம். நோயாளியிடமிருந்து கொசுவுக்குத் திரும்பும் இந்த அம்புதான் சுவரொட்டியில் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தை மருத்துவமனை பிடித்துக்கொண்டது.

திருத்த, படத்தை இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கொசுவின் வளர்ச்சி: முட்டை, கொசுப்புழு, கூட்டுப்புழு, கொசு, மறுபடி முட்டை. இங்கே அம்புக்கு ‘அடுத்த நிலை’ என்ற பொருள் மட்டும். மழையையும் தேங்கிய நீரையும் வட்டத்துக்கு வெளியே, இது நடக்கும் இடமாக வரையுங்கள். வலப்பக்கம் நோயாளி, கொசு, அடுத்த ஆள். தடித்த அம்பு, மேலே ‘வைரஸ்’ என்ற சொல். இரண்டு வட்டத்திலும் இருப்பது வளர்ந்த கொசு மட்டுமே. அந்த இரண்டு கொசுவையும் அம்பு முனையில்லாத வெறும் கோட்டால் இணையுங்கள்.

புகைக்கு அம்பு வேண்டாம். நுனியில் குறுக்குக் கோடு போட்ட கோடு போதும். அது வளர்ந்த கொசுவிடம் மட்டும் போய் நிற்கட்டும். அபேட் மருந்துக்கும் அதே மாதிரிக் கோடு, ஆனால் கொசுப்புழுவுக்கு. புகையடித்த பிறகும் வாளித் தண்ணீரைக் கொட்டச் சொல்வது ஏன் என்று பிள்ளைகளுக்குப் படமே காட்டிவிடும். மருத்துவமனையைக் கீழே ஒரு வரியாக எழுதிவிடலாம்.

அப்புறம், படத்தைப் பார்த்திராத ஒரு மாணவனிடம் காட்டி, “வீட்டில் ஒருவருக்கு டிங்கி வந்துவிட்டது. முக்கியமாக யாரைக் கொசு கடிக்காமல் பார்க்கவேண்டும்?” என்று கேளுங்கள். “மற்றவர்களை” என்று மட்டும் சொன்னால் இன்னும் திருத்த வேலை இருக்கிறது.

மகளின் அறிவியல் புத்தகத்தில் எண்ணெய்ப்பனை → எலி → கூகை என்று இருக்கிறது. கூகைதானே எலியைத் தின்கிறது, அம்பு ஏன் தலைகீழாக? (தந்தை, செந்தூல்)

உணவுச் சங்கிலியில் அம்பு சக்தி போகும் திசையைக் காட்டும். எலியின் உடலில் இருந்தது கூகைக்குப் போகிறது, ஆகவே புத்தகம் சரி.

ஆனால் இதே படத்தில் ‘கூகை எலியைக் கட்டுப்படுத்தும்’ என்று எதிர்த்திசையில் இன்னோர் அம்பைச் சேர்ப்பவர்கள் உண்டு. எஸ்டேட்டில் கூகைக்குக் கூடு வைப்பது அதற்காகத்தான், தகவலில் பிழையில்லை. படத்தில்தான் பிழை: சக்தி கூகையிடமிருந்து எலிக்குத் திரும்புவதாகப் பிள்ளை படித்துவிடும். எண்ணிக்கையைப் பற்றிப் பேச வேறு படம் வேண்டும். அதில் எலியிலிருந்து கூகைக்குக் கூட்டல் குறியோடு ஓர் அம்பு: எலி பெருகினால் கூகை பெருகும். கூகையிலிருந்து எலிக்குக் கழித்தல் குறியோடு ஓர் அம்பு: கூகை பெருகினால் எலி குறையும். அங்கே இரண்டு திசையும் நியாயம்.

எங்கள் அலுவலகத்தின் கொள்முதல் வரைபடத்தில் ‘மேலாளர் ஒப்புதல்’ பெட்டியிலிருந்து ‘தாமதம்’ என்ற பெட்டிக்கு அம்பு போகிறது. விட்டுவிடலாமா? (கிள்ளான்)

எடுத்துவிடுங்கள். மற்ற பெட்டிகளெல்லாம் யாரோ செய்யும் வேலை. தாமதத்தை யாரும் வேலையாகச் செய்வதில்லை. புதிதாகச் சேர்ந்தவர் ஒவ்வொரு கோப்பும் அந்த வழியாகத்தான் போகவேண்டும் என்று நினைப்பார். ஒப்புதல் பெட்டியின் ஓரத்தில், அம்பில்லாமல், ‘இங்கே 3 நாள் வரை ஆகலாம்’ என்பதுபோல உங்கள் உண்மைக் கணக்கைக் குறித்தால் போதும்.

காரணத்துக்குச் சிவப்பு, ஓட்டத்துக்கு நீலம் என்று நிறம் மாற்றினால் போதாதா? (ஜார்ஜ்டவுன்)

கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டு, எது எதைக் குறிக்கிறது என்று படத்தின் மூலையிலேயே எழுதிவிடுங்கள். நிறத்தை அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளலாம்.