‘சி.டி.எஸ். 250தான், பயப்பட வேண்டாம்’ என்றால் என்ன பொருள்?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் மகனிடம், அங்குள்ள வங்கி ஆலோசகர் ஓர் ஐரோப்பிய வங்கியின் ஐந்தாண்டு டாலர் கடன் பத்திரத்தை 7% வட்டிக்கு வாங்கச் சொல்கிறார். ‘சி.டி.எஸ். 250தான், பயப்பட வேண்டாம்’ என்கிறார். அது ஒரு வகைக் காப்பீடு என்றும் சொன்னாராம். அந்த எண்ணை நம்பி ஒரு லட்சம் டாலர் போடலாமா? அந்தக் காப்பீட்டை நாங்களும் வாங்க முடியுமா? – வாசகர், மயிலாப்பூர், சென்னை.

பதில்: கடன் பத்திரத்தை வெளியிட்ட நிறுவனம் பணத்தைத் திருப்பித் தராமல் போனால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இன்னொருவர் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தமே ‘கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப்’, சுருக்கமாக சி.டி.எஸ். காப்பு வாங்குபவர் ஆண்டுதோறும் ஒரு பிரீமியம் கட்டுவார். 250 என்பது அந்தப் பிரீமியத்தின் அளவு. நூறு புள்ளிகள் ஒரு சதவீதம் என்பதால், இது ஆண்டுக்கு 2.5%. ஒரு லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் கட்ட வேண்டும்.

நிறுவனம் திவாலானால் கிடைக்கும் தொகை எப்படி முடிவாகிறது என்பதை 2008-இல் நடந்ததை வைத்தே சொல்லிவிடலாம். செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. அக்டோபர் 10 அன்று நடந்த ஏலத்தில் அதன் கடன் பத்திரங்களுக்கு, நூறு டாலருக்கு 8.625 டாலர் என்று விலை முடிவானது. ஆகவே, ஒரு லட்சம் டாலர் பத்திரத்துக்குக் காப்பு வாங்கியிருந்தவருக்குக் கிடைத்தது மீதமுள்ள 91,375 டாலர். காப்பு முழு முதலையும் தருவதில்லை; முதலுக்கும் பத்திரத்தில் எஞ்சிய மதிப்புக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் தருகிறது.

இந்த எஞ்சிய மதிப்பு முன்கூட்டியே தெரியாது என்பதால், வர்த்தகர்கள் வழக்கமாக அதை 40% என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் நஷ்டம் 60%. பிரீமியமான 2.5-ஐ 0.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.2 வரும், அதாவது, ஓர் ஆண்டில் அந்த வங்கி கடனைத் திருப்பித் தரத் தவறுவதற்கு 4.2% வாய்ப்பு இருப்பதாகக் கருதி விலை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தால் அது சுமார் 19%. இந்த 19 சதவீதத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் திடுக்கென்று இருக்கும். ஆனால், அது உண்மையான நிகழ்தகவு அல்ல. வாகனக் காப்பீட்டில் நாம் கட்டும் பிரீமியம், விபத்தின் எதிர்பார்க்கப்படும் செலவைவிடக் கூடுதலாகவே இருப்பதுபோல, காப்பு விற்பவரும் அபாயத்தைத் தோளில் சுமப்பதற்குத் தனிக் கூலி வாங்குகிறார். ஆகையால் 19 என்பதை மேல்வரம்புபோல எடுத்துக்கொள்வதே சரி. ‘பயப்பட வேண்டாம்’ என்று சொல்வதற்கும் அந்த எண் ஆதாரமாகாது.

பத்திரத்தின் வட்டியை இதோடு வைத்துப் பாருங்கள். அதே ஐந்தாண்டுக்கு அமெரிக்க அரசுப் பத்திரம் 4.3% தருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகனுக்கு அதற்கு மேல் கிடைப்பது 2.7%. காப்பின் விலை 2.5%. அவர் காப்பும் வாங்கினால் கையில் நிற்பது 4.5%, அதாவது அரசுப் பத்திரத்தைவிடச் சற்றே கூடுதல். இலவசமாக வருகிற 7% என்று எதுவும் இல்லை. கூடுதல் வட்டி ஏறத்தாழ முழுவதும் அபாயத்துக்கான கூலிதான் என்பதை இந்தக் கழித்தல் கணக்கு காட்டிவிடுகிறது. நடைமுறையில் அவரால் காப்பு வாங்கவும் முடியாது. இந்தச் சந்தையில் ஒப்பந்தங்கள் மில்லியன் டாலர் கணக்கில், பெரிய நிறுவனங்களுக்கு இடையே நடக்கின்றன. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகள், கையில் உள்ள பத்திரத்தைக் காக்கும் நோக்கத்துக்கு மட்டும் சில்லறை முதலீட்டாளருக்கு அனுமதி தருகின்றன. ஆனால் இங்கு அந்தச் சந்தை பெயரளவில்தான் இருக்கிறது.

அனுபவமுள்ள வர்த்தகர்கள் ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஓராண்டுக் காப்பின் விலையையும் ஐந்தாண்டுக் காப்பின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். சாதாரண காலத்தில் ஓராண்டுக் காப்பு மலிவாக இருக்கும். காலம் நீள நீள ஏதாவது தவறு நடக்க வாய்ப்பு கூடுவதால் ஐந்தாண்டுக் காப்பு விலை அதிகமாக இருக்கும். ஓராண்டு விலை ஐந்தாண்டு விலையைத் தாண்டிவிட்டால், ‘இந்த நிறுவனம் இப்போதைய நெருக்கடியைக் கடந்துவிட்டால் பிழைத்துவிடும், கடப்பதுதான் சந்தேகம்’ என்று சந்தை சொல்கிறது. 2023 மார்ச் நடுவில் கிரெடிட் சுயிஸ் வங்கிக்கு நடந்தது இதுதான்; அதன் ஓராண்டுக் காப்பு 1,000 புள்ளிகளைத் தாண்டி, ஐந்தாண்டு விலைக்கு மேலே போய்விட்டது. சில நாட்களில், மார்ச் 19 அன்று, அதை யு.பி.எஸ். வங்கியிடம் ஒப்படைக்க முடிவானது.

ஆனால் விலை ஏறுவதெல்லாம் ஆபத்துச் செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டேட் வங்கியின் சி.டி.எஸ். ஏறியதாகச் செய்தி வரும்போதெல்லாம் நிரந்தர வைப்பை எடுத்துவிடலாமா என்று தி.நகர் அலுவலகத்துக்கு என்னிடம் வந்து கேட்பவர்கள் உண்டு. இந்திய நாட்டின் அபாயத்துக்கு எதிராகக் காப்பு தேடும் வெளிநாட்டினர், ஸ்டேட் வங்கியின் காப்பை அதற்குப் பதிலியாகப் பயன்படுத்துகிறார்கள். அதனால் உலகம் முழுதும் பதற்றம் வரும்போது அதுவும் ஏறுகிறது. மற்ற வங்கிகளுக்கும் சேர்ந்து ஏறினால் அது சந்தையின் பதற்றம். ஒன்று மட்டும் தனித்து ஏறினால் விசாரிக்க வேண்டும். அப்போதும், அந்த வங்கியோடு பெரிய கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்கள் தங்கள் பாதுகாப்புக்காகக் காப்பு வாங்குவதாலேயே, வர்த்தகம் குறைவாக உள்ள நாளில் விலை எகிறிவிடக்கூடும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. 250 என்பது எந்தப் பத்திரத்துக்கான காப்பு? வங்கிகளின் சி.டி.எஸ். விலை என்று பொதுவாகச் சொல்லப்படுவது மூத்த நிலைப் பத்திரங்களுக்கானது. திவாலானால், மற்ற வகைப் பத்திரங்களை வைத்திருப்பவர்களுக்கு முன்பாக, இவற்றை வைத்திருப்பவர்களுக்குத்தான் பணம் போகும். ஆனால் வங்கிகள் ஏ.டி.1 என்ற இன்னொரு வகைப் பத்திரத்தையும் விற்கின்றன; வங்கி சிக்கலில் மாட்டினால் அதன் முதலையே பூஜ்ஜியமாக்கிவிட முடியும், அதனால்தான் அதற்கு வட்டி அதிகம். கிரெடிட் சுயிஸ் விஷயத்தில் சுமார் 1,600 கோடி சுவிஸ் பிராங்க் மதிப்புள்ள ஏ.டி.1 பத்திரங்கள் ஒரே நாளில் மதிப்பிழந்தன. மூத்த நிலைப் பத்திரங்களோ முழுதாகத் தப்பின, அவற்றுக்கான காப்பும் பணம் தர வேண்டிய நிலை வரவில்லை. ஏ.டி.1 வைத்திருந்தவருக்கு, மூத்த நிலையின் சி.டி.எஸ். எந்த அளவில் இருந்திருந்தாலும் பயன் இல்லை. நம் ஊரிலும் 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் 8,400 கோடி ரூபாய்க்கும் அதிகமான ஏ.டி.1 பத்திரங்கள் இப்படிப் பூஜ்ஜியமாக்கப்பட்டு, விஷயம் நீதிமன்றம் வரை சென்றது.

எனவே ஆலோசகரிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்: அந்த 250 எந்த நிலைப் பத்திரத்துக்கானது, ஓராண்டுக் காப்பின் விலை இன்று என்ன. பத்திரத்தின் வெளியீட்டு ஆவணத்திலும் ‘முதிர்வுத் தேதி இல்லை’ அல்லது ‘முதல் எழுதிக் கழிக்கப்படலாம்’ என்று பொருள்படும் வாசகங்கள் இருக்கின்றனவா என்று உங்கள் மகனே தேடிப் பார்க்கட்டும். உண்மையிலேயே ஐந்தாண்டு முதிர்வுள்ள மூத்த நிலைப் பத்திரம், ஓராண்டு விலையும் 250-க்குக் கீழே என்றால், அவருடைய சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் போடலாம் என்பது என் கருத்து. ஏ.டி.1 என்று தெரியவந்தால், 7% அல்ல, 10% தந்தாலும் வேண்டாம் என்பேன்.