முட்டை அட்டையைக் கழற்றுங்கள், மெத்தையை நிமிர்த்துங்கள்

"சூளைமேட்டில் வாடகை வீடு. ஒலிப்புத்தகம் வாசிக்க, கடைக்காரர் சொன்னபடி கண்டென்சர் மைக் வாங்கினேன், சுவரில் முட்டை அட்டை ஒட்டினேன். ஆனாலும் குரல் கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருக்கிறது. தெருச் சத்தமும் விழுகிறது. வேறு மைக் வாங்கட்டுமா?"

இப்போதைக்கு வாங்காதீர்கள். அட்டை ஒட்டச் சொன்னவர் மீதுதான் எனக்குக் கோபம். அது வெறும் காகிதக் கூழ். கீச்சொலியைச் சற்றுக் குறைக்கும், குரலின் கனத்தை அப்படியே திருப்பி அனுப்பும். தெருச் சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. அதற்குச் சுவர் போன்ற எடை வேண்டும். ஸ்டூடியோ ஃபோம் என்று விற்கும் மெல்லிய கறுப்புப் பஞ்சும் சத்தத்தை வெளியே நிறுத்தாது.

ஹாலை விட்டுப் படுக்கையறைக்குப் போங்கள். கை தட்டிப் பாருங்கள். தட்டியபின் 'டிங்' என்று ஒரு வால் நீண்டால் அறை இன்னும் காலியாக இருக்கிறது என்று பொருள். ஜன்னலைச் சாத்தி, அதைப் பார்த்தபடி உட்காருங்கள். மைக்கின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கட்டும். இவ்வகை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் நன்றாகக் கேட்கும். அதாவது உங்கள் வாயையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அதனால் இலவம்பஞ்சு மெத்தையை உங்களுக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். மைக்குக்குப் பின்னால் மட்டும் பஞ்சு ஒட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. மீதமுள்ள பக்கங்களில் கனமான போர்வைகளைத் தொங்கவிடலாம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் போதும். மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்று ஓரமாக இருந்தால் 'ப' வெடிக்காது.

ஃபேன், ஏசி இரண்டும் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் இது கொடுமை என்று தெரியும், நானும் பட்டிருக்கிறேன். அப்போது விடிகாலையில் இருபது நிமிடம் வாசித்து, பத்து நிமிடம் ஃபேன் போட்டு, மறுபடி நிறுத்தி வாசியுங்கள். மெதுவாக ஓடட்டும், பிறகு மென்பொருளில் நீக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அதிகம் நீக்கினால் குரல் தண்ணீருக்குள் கேட்கும்.

பத்து நொடி பேசாமல் பதிவு செய்து, Audacity என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், சராசரிச் சத்த அளவைக் காட்டும் `Measure RMS` பாருங்கள். ஒலிப்புத்தகத் தளங்கள் பொதுவாகக் கேட்பது -60 dB அல்லது அதற்கும் கீழே. சில தளங்கள் எந்த நொடியில் குறை என்று சொல்லாமல் 'சத்தம் அதிகம்' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பும். ஒரு அத்தியாயத்துக்கு நாலு முறை அலைந்திருக்கிறேன்! அந்த எரிச்சலில் 'மாஸ்டரிங் செய்து சரியாக்கித் தருகிறேன்' என்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். குரலோடு கலந்துவிட்ட எதிரொலியைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் தெரு விழுந்தால் மட்டும், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக வாங்காத யுஎஸ்பி டைனமிக் மைக் வாங்கி, நாலு விரல் தூரத்தில் வாசியுங்கள்.

அப்புறம் வேகம். தமிழில் வினை கடைசியில் வரும். நீண்ட வாக்கியத்தில் மூச்சு முடிகிற இடமும் அதுதான். "அண்ணன் அன்றைக்கு ஊருக்கு வரவில்லை" என்பதில் 'வில்லை' அமுங்கினால் கேட்பவருக்கு அவன் வந்துவிடுகிறான். வாசிக்கும்முன் பென்சிலால் மூச்சிடங்களைக் குறியுங்கள். முதல் பக்கத்துக்கும் பத்தாம் பக்கத்துக்கும் ஆன நேரத்தை ஒப்பிடுங்கள். பத்தாவது வேகமாகப் போயிருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தை மறுநாள் முதலிலிருந்து வாசியுங்கள்.