லோன் முடிந்த வண்டி: ஆர்.சி.யில் எச்.பி. நீங்கிவிட்டதா என்று பார்ப்பது

கேள்வி: கார் லோன் கட்டி முடித்துவிட்டேன். பேங்க்கில் நோ டியூஸ் சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். இது போதுமா? ஆர்.சி.யில் பேங்க் பெயர் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: போதாது. உங்கள் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை என்பதற்குத்தான் அந்தச் சர்டிபிகேட் சான்று. வண்டி பேங்க் கடனுக்கு ஈடாக இருக்கிறது என்று ஆர்.சி.யில் ஏறியிருக்கும் எச்.பி. பதிவை எடுக்க வேண்டியது ஆர்.டி.ஓ. ஆபீஸ். அங்கே இரண்டு தாள் கேட்பார்கள்: எச்.பி.யை நீக்க ஆட்சேபணை இல்லை என்று பேங்க் எழுதிக் கொடுக்கும் என்.ஓ.சி., பேங்க்கின் கையெழுத்தும் சீலும் உள்ள படிவம் 35. படிவத்தை இரண்டு பிரதிகளாக வாங்குங்கள். வண்டி உரிமையாளராக நீங்களும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வெளிமாநிலத்துக்கு வண்டியை மாற்றும்போது ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. வேறு. அது படிவம் 28. இரண்டையும் ஒன்றென்று நினைத்து அலைபவர்கள் உண்டு.

தாள்கள் கைக்கு வந்ததும், பேங்க்கை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், உங்கள் பெயர் நான்கும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதிகம் தவறுவது சேசிஸ் எண்ணில்தான். இப்போதைய வண்டிகளில் அது 17 இலக்கம். அதில் I, O, Q என்ற மூன்று எழுத்துகள் வரவே வராது. 1, 0 இரண்டோடும் குழம்பக்கூடாது என்பதற்காகவே அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே என்.ஓ.சி.யில் சேசிஸ் எண் 'O4417' என்று முடிந்தால் யாரோ டைப் செய்யும்போது சுழியத்துக்குப் பதில் எழுத்தை அடித்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். '04417' என்று திருத்திய புதுத் தாளாகவே கேட்டு வாங்குங்கள். பேனாவால் அடித்துத் திருத்தியதை ஆர்.டி.ஓ.வில் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

அடுத்தது பேங்க்கின் பெயர். சிலருக்கு ஆர்.சி.யில் விஜயா வங்கி என்றிருக்கும். அந்த வங்கி 2019 ஏப்ரலில் பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டதால் என்.ஓ.சி. பரோடா பெயரில் வரும். இப்படிப் பெயர் மாறியிருந்தால், பழைய வங்கி தங்களோடு இணைந்துவிட்டது என்ற ஒரு கடிதத்தையும் கிளையிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. தேதியையும் கவனியுங்கள். பல என்.ஓ.சி.களில் 90 நாள் செல்லும் என்று அச்சிட்டிருக்கும். பீரோவில் வைத்துவிட்டு வண்டியை விற்கும்போது எடுத்தால், மறுபடி பேங்க்குக்குத்தான் நடக்க வேண்டும்.

விண்ணப்பம் parivahan.gov.in தளத்தில். வாகன சேவைகளில் உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் கொடுத்தால் சேவைப் பட்டியல் வரும். அதில் Hypothecation Termination என்பதை எடுத்து, கட்டணம் கட்டி, தாள்களை ஏற்றுங்கள். அசல் ஆர்.சி.யையும் படிவத்தையும் நேரில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்துவிடுங்கள்.

பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பணம் கட்டிய ரசீது வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ரசீது, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அடையாளம். அதற்குப் பிறகு ஆபீஸில் சரிபார்த்து, ஒப்புதல் கொடுத்தால்தான் பதிவு நீங்கும். ரசீதில் உள்ள விண்ணப்ப எண்ணை வைத்து அதே தளத்தில் நிலையைப் பாருங்கள். சரிபார்ப்பிலேயே நாள்கணக்கில் நின்றால், ஏதோ ஒரு தாளில் குறை என்று பொருள். நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

ஒப்புதல் வந்தபின் வண்டி விவரத்தைத் தளத்தில் புதிதாகத் திறந்து, ஃபைனான்சியர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பேங்க் பெயர் இருக்கக்கூடாது. டிஜிலாக்கரில் முன்பே எடுத்து வைத்த ஆர்.சி. பழையதாகவே தெரியலாம், அதைப் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள். புது கார்டு வந்ததும் அதில் எச்.பி. வரி இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியிலும் பேங்க் பெயர் தனியாக இருக்கும். ஆர்.சி.யில் நீக்கினால் அது தானாகப் போகாது. புது ஆர்.சி. நகலையும் என்.ஓ.சி. நகலையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, பாலிசியில் பேங்க் பெயரை நீக்கியதற்கான எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். இல்லாவிட்டால் வண்டி திருடுபோய் முழு கிளெய்ம் வரும் நாளில், கடனே இல்லாத பேங்க்கிடம் மறுபடி கடிதம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.