சப்ளையர் சொல்லும் நாளும் சரக்கு வரும் நாளும்

கேள்வி: ஒரு பொருள் நாளுக்குச் சராசரியாக 20 விற்கிறது, சில நாள் 14, சில நாள் 26. சப்ளையர் 7 நாள் என்கிறார். 140-உடன் 30 கூட்டி, இருப்பு 170 ஆனதும் ஆர்டர் போடுகிறேன். அப்படியும் தீர்ந்துவிடுகிறது. கடைசி 10 ஆர்டர்கள் வர ஆன நாள்கள்: 6, 4, 7, 10, 5, 6, 14, 5, 7, 6. பஃபர் எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: உங்கள் சப்ளையர் பொய் சொல்லவில்லை. அந்தப் பத்தின் சராசரி சரியாக 7 நாள்தான். சிக்கல் சராசரியில் இல்லை, அதைச் சுற்றியுள்ள ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. நீங்கள் வைத்த 30, விற்பனை கூடிக் குறைவதற்கு மட்டும் போதும். டெலிவரி மூன்று நாள் தள்ளினாலே 60 தேவைப்படுமே!

எக்செலில் அந்தப் பத்து எண்களுக்கும் STDEV.S போட்டால் திட்ட விலக்கம் ஏறக்குறைய 3 நாள் வரும். தினசரி விற்பனைக்கு அது 6 என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பில்களை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சரக்கே இல்லாத நாள்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் விற்பனை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். பிறகு இதைத் தட்டுங்கள்:

```
=1.65*SQRT(7*6^2 + 20^2*3^2)
```

விடை 102. இதுதான் பஃபர். 140-உடன் கூட்டினால் 242. இருப்பு அந்த அளவுக்கு இறங்கியதும் ஆர்டர் போக வேண்டும். 1.65 என்பது நூறு ஆர்டரில் ஏறக்குறைய 95 முறை சரக்கு தீராமல் இருப்பதற்கான எண்.

அடைப்புக்குள் முதல் பகுதி விற்பனையின் ஏற்ற இறக்கம், மதிப்பு 252. இரண்டாவது டெலிவரியுடையது, 3600. ஆகவே சப்ளையரிடம் "ஒரு நாள் முன்னதாகக் கொடுங்கள்" என்று கேட்பதில் பெரிய லாபமில்லை. தாமதம் அதே அளவு கூடிக் குறைந்தால் பஃபர் 102-லேயே நிற்கும். "7 நாளே ஆகட்டும், ஆனால் ஒரு நாளுக்கு மேல் முன்பின் ஆகக் கூடாது" என்று பேசி, விலக்கத்தை 1 நாளுக்குக் கொண்டுவர முடிந்தால் பஃபர் 42 ஆகிவிடும். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான்.

அந்த 14 நாளைத் தனியாகப் பாருங்கள். 14 நாளுக்கு 280 வேண்டும், 242 போதாது. தாமதங்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாக நீள்வதால் இந்தச் சூத்திரம் அவற்றைக் குறைத்தே மதிப்பிடும். சப்ளையரிடமே சரக்கு தீர்ந்ததால் தாமதமானது என்றால் அது மறுபடியும் நடக்கும். இந்தப் பொருள் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்றால், யோசிக்காமல் 280 வையுங்கள். மீண்டும் வராத காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

இன்னொன்று: இந்த எண்கள் தினமும் இருப்பு பார்ப்பவருக்கானவை. வாரம் ஒருமுறைதான் பார்ப்பீர்கள் என்றால், இன்று 245 இருக்கிறதே என்று விடுவீர்கள். அடுத்த வாரம் 105-தான் மிஞ்சியிருக்கும், சரக்கு வர இன்னும் 7 நாள் இருக்கும். அப்படியானால் சூத்திரத்தில் 7-க்குப் பதில் 14 போட்டு, 140-க்குப் பதில் 280-உடன் கூட்டுங்கள்.